"எங்க, தூரமா?"

ஊர்ப் பாதையில் எதிர்ப்படுபவர் "எங்க, தூரமா?" என்பார். கிளம்புகிறவரிடம் "எங்கே போறே?" என்று நேராகக் கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது பழைய நம்பிக்கை, அதனால்தான் இந்தச் சுற்றுவழி. துருவிக் கேட்பது நோக்கமல்ல. 'உங்களைப் பார்த்தேன்' என்பதே பொருள். "இப்படித்தாங்க, பக்கத்துல" என்றால் போதும். பேசாமல் போனால்தான் மனத்தாங்கல். டவுனுக்குப் போகிறவர், "உரக்கடைப் பக்கம் போறேன், ஏதும் வாங்கணுமா?" என்று திருப்பிக் கேட்பதும் உண்டு.

ஒரு நேரத்தில் மட்டும் மழுப்பக் கூடாது. ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் ஒருவர் மோட்டார் போடத் தனியே போகிறார். "மேலக்காட்டுக் கிணத்துக்கு, தண்ணி கட்டிட்டு 10 மணிக்கு வந்துருவேன்" என்று அவர் சொல்லிப் போனால், பாம்பு கடித்தோ மின்சாரம் தாக்கியோ விழுந்துவிட்டாலும் எங்கே, எப்போது தேடுவது என்று ஊருக்குத் தெரியும்.