த. கோகிலாவும் மிஸ் தர்மலிங்கமும்

ஊரில என்ர பெயர் த. கோகிலா. "த" எண்டால் தர்மலிங்கம், அப்பா. பள்ளிக்கூட இடாப்பில் அப்பிடித்தான் இருந்தது, கூப்பிட்டது கோகிலா எண்டு. அந்த ஒற்றை எழுத்தைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பப் படிவம். First name, Last name எண்டு இரண்டு கூடு. இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம், வெறுமையாக விட ஏலாது. நாங்கள் எழுதுற ஒழுங்கு தர்மலிங்கம் கோகிலா. ஆகவே முதற்கூட்டில் முதற்சொல்லையும் கடைசிக்கூட்டில் கடைசிச் சொல்லையும் போட்டேன். அனுமதிக் கடிதம் "டியர் தர்மலிங்கம்" எண்டு தொடங்கியது. "அப்பாவுக்கு கம்பஸ் கிடைச்சிட்டுது" எண்டு தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

விசா நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் சி.ஏ.எஸ். எண்ட உறுதிப்படுத்தலைத் தரவேணும். அதில் இருக்கிற பெயர் பாஸ்போட்டோடு பொருந்த வேணும். பாஸ்போட்டில் என்ர குடும்பப் பெயர் தர்மலிங்கம். அவர்கள் அனுப்பின வரைவிலோ குடும்பப் பெயர் கோகிலா. மூன்று மின்னஞ்சல் எழுதியும் அங்கே ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கடைசியில் பாஸ்போட்டின் படப் பக்கத்தை ஸ்கான் பண்ணி, அடியில் இருக்கிற வரியை வட்டமிட்டு அனுப்பினேன். அடுத்தநாளே திருத்தி வந்தது.

அந்த வரியை நானே அதுவரை பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே இரண்டு வரி இருக்கும், மெஷின் வாசிக்கிறதுக்கு. மேல் வரியில் பெயர் இருக்கிற பகுதி இப்பிடி:

```
LKATHARMALINGAM<<KOKILA<<<<<<<
```

LKA நாடு. அதுக்குப் பிறகு இரட்டைக் குறி வரும்வரை இருக்கிறது குடும்பப் பெயர், இரட்டைக் குறிக்குப் பின்னால் வாறது சொந்தப் பெயர். ஒரு பெயருக்குள் இடைவெளி இருந்தால் ஒற்றைக் குறி விழும். விமானச் சீட்டோ விசாவோ, இந்த வரியைப் பார்த்துத்தான் நிரப்ப வேணும். ஊரில் எழுதுற ஒழுங்கை அந்த நேரம் மறந்துவிடுங்கோ.

இரட்டைக் குறிக்குப் பின்னால் ஒண்டுமே இல்லாத ஆக்களும் இருக்கினம். என்ர சிநேகிதி ஒருத்திக்குப் பாஸ்போட்டில் ஒரே ஒரு பெயர்தான். அமெரிக்க விசாவுக்கான DS-160 படிவம், சொந்தப் பெயர் இல்லாவிட்டால் அந்தக் கூட்டில் FNU எண்டு போடச் சொல்லும். முதற்பெயர் தெரியாது எண்டதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்பிடியே வந்தது, பிறகு வகுப்பு இடாப்பிலும் ஏறியது. முதல்நாள் விரிவுரையாளர் "ஃப்னு" எண்டு கூப்பிட்டாராம். அவள் யாரையோ கூப்பிடுகினம் எண்டு பேசாமல் இருந்திருக்கிறாள்.

இப்ப தம்பி முதல் பாஸ்போட்டுக்குப் போம் நிரப்புறான். பெயர் கோகுலன். குடும்பப் பெயராக "லிங்கம்" எண்டு சுருக்கிப் போடட்டோ, வெள்ளைக்காரருக்கு வாயில் வரும் எண்டு கேட்டான். வேண்டாம் எண்டன். அவனுடைய சான்றிதழ்கள் சிலதில் T. Kokulan எண்டிருக்கு. அந்த T-யை விரித்தால் Tharmalingam வரும், Lingam வராது. பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் எண்டு ஒவ்வொரு இடத்துக்கும் சத்தியக்கடதாசி முடிச்சுக்கொண்டு திரியவேணும். போதாக்குறைக்கு அவனுடைய பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்பாவை Dharmalingam ஆக்கியிருந்தார்கள். தமிழில் ஒரே "த", ஆங்கிலத்தில் முதலெழுத்தே மாறிவிட்டது. திரும்ப மொழிபெயர்ப்பாளரிடம் போய், என்ர பாஸ்போட் பிரதியைக் காட்டி, அந்த எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவித்தோம். முதலே ஒரு துண்டில் எழுதிக் குடுத்திருந்தால் இரண்டாம்தரம் காசு கட்டத் தேவையில்லை.

இன்னொரு வழியும் யோசித்தோம். கோகுலனையே குடும்பப் பெயராக்கினால், நாளைக்கு அவனுடைய பிள்ளைகளுக்கு அது போகும். எங்கட முறைப்படி பிள்ளைக்குத் தகப்பன் பெயர்தானே முன்னால் வரும், அது அப்பிடியே பொருந்தும். ஆனால் வேலையிடத்தில், ஆஸ்பத்திரியில், எல்லா இடமும் அவனைத் தர்மலிங்கம் எண்டுதான் கூப்பிடுவினம். எனக்கு மிஸ் தர்மலிங்கம் எண்டு கேட்டுப் பழகிவிட்டது. ஆனாலும் வெறும் "தர்மலிங்கம்" எண்டு ஒருத்தர் கூப்பிட்டால் இப்பவும் அப்பாவைத் தேடித்தான் திரும்புவேன். தம்பிக்கும் அது சரிவரேல்ல.

ஆகவே குடும்பப் பெயர் தர்மலிங்கம், சொந்தப் பெயர் கோகுலன். இனி அவனுடைய பிள்ளைகளும் தர்மலிங்கம்தான். இதை வீடியோக் கோலில் அப்பாவுக்குச் சொன்னோம். சந்தோசப்படுவார் எண்டுதான் நினைத்தோம். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

"நான் க. தர்மலிங்கம் எல்லோ," எண்டார். "அப்ப கந்தையா எங்க போனார்?"