நான் எழுதினேனா, அவள் எழுதினாளா?

ஷார்ஜாவில் குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் எனக்கு வேலை. ஊரில் அரபுக் கல்லூரியில் படித்த படிப்பு, இங்கே சோறு போடுகிறது. ஆங்கிலத்திலிருந்து அரபிக்கு மொழிபெயர்த்து வரும் கதைகளில் எந்த எழுத்துக்கு உயிர்க்குறி போடுவது, எதற்கு விடுவது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழில் க, கி, கு மூன்றும் வேறு வேறு எழுத்துகள். அரபியில் மூன்றுக்கும் எழுத்து ஒன்றுதான். குறில் ஓசைகளை, எழுத்தின் மேலோ கீழோ வரும் சின்னக் குறிகள் காட்டும். குர்ஆனிலும் முதல் வகுப்புப் பாடத்திலும் எல்லாக் குறிகளும் இருக்கும். செய்தித்தாளில் அநேகமாக ஒன்றும் இருக்காது. இடையில் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் எங்கள் வாசிப்புப் புத்தகம். எல்லாவற்றையும் போட்டால், குறியில்லாமல் படிக்கப் பழக மாட்டார்கள். ஒன்றுமே போடாவிட்டால் தடுமாறுவார்கள். அதனால், சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் போடுகிறோம்.

சமீபத்தில் ஒரு கதை வந்தது. தாத்தாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. "நான்தான் எழுதினேன்" என்கிறான் பேரன். "கடிதத்தை அவள் எழுதினாள்" என்று பாட்டி அவன் தங்கையைக் காட்டுகிறாள். கதையின் திருப்பமே அதுதான். ஆனால், 'எழுதினேன்', 'எழுதினாள்' இரண்டுக்கும் அரபியில் அதே நான்கு எழுத்துகள்: க, த, ப, த. குறி இல்லாவிட்டால் பேரனும் பாட்டியும் ஒரே வார்த்தையைச் சொல்வதுபோலத் தெரியும்!

பேரனின் சொல் 'கதப்து'. கடைசி எழுத்தின் மேல் ஒரே ஒரு உகரக் குறி போட்டால் போதும், 'நான்' என்று தெரிந்துவிடும்.

பாட்டியின் சொல் 'கதபத்'. இங்கேதான் சிக்கல். அடுத்து 'அல்' சேர்ந்த 'கடிதம்' வருவதால், கடைசி 'த்'துக்குத் துணையாக ஓர் இகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். இலக்கணப்படி சரி என்று அந்தக் குறியை மட்டும் போட்டால், பிள்ளை 'கதப்தி' என்று படித்துவிடும். அதற்கு 'நீ எழுதினாய்' என்று ஒரு பெண்ணிடம் சொல்வதாக அர்த்தம்.

அதனால் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, மூன்றாவது எழுத்தான 'ப'வுக்கு அகரக் குறி போட்டேன். 'நான்', 'நீ' என்று வரும்போது அந்த 'ப'வுக்கு உயிரோசை கிடையாது. அதனால் அவை இரண்டும் விலகிவிடும். இன்னொன்று பாக்கி: முதல் எழுத்தை உகரமாகப் படித்தால் 'குதிபத்', அதாவது 'எழுதப்பட்டது'. அதையும் தடுக்க முதல் எழுத்துக்கு ஓர் அகரம். ஆக, இரண்டே குறிகள்.

போட்ட பிறகு, ஆங்கில மூலத்தையும் படத்தையும் காட்டாமல், கதை தெரியாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்வேன். எங்கே நிறுத்தித் திரும்பப் படிக்கிறாரோ, அங்கே ஒரு குறி குறைகிறது என்று அர்த்தம். இந்தப் பக்கத்தைப் படித்த எகிப்துக்கார சகோதரி எங்கும் நிற்கவில்லை. பாட்டியின் வரி வந்ததும் சிரித்தார்: "பாவம் பையன், மாட்டிக்கொண்டான்!"