ரெண்டு வட்டியும் ரெண்டு சதவீதமும்

போன வருஷம் ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போனதால எனக்கும் என் நிலத்துக்காரருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து போகப் பார்த்தது. அந்தக் கதையை எழுதி வைக்கலாம்னு தோணிச்சு. ஊர்ல நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கறவங்களுக்கு உதவும்.

நெல்லிக்குப்பம் பக்கம் மூணு ஏக்கர் கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கேன். ஏக்கருக்கு வருஷம் 20,000, மொத்தம் 60,000 ரூபாய். தை மாசம் கொடுக்கணும். அந்த வருஷம் வெட்டு ஆள் கிடைக்காம கரும்பு நின்னுபோச்சு. பணம் கொடுக்க ஆனி ஆயிடுச்சு. அஞ்சு மாசம் தாமதம்.

"வட்டி 6,000 சேர்த்துக் கொடுத்துடு தம்பி"ன்னார் நிலத்துக்காரர்.

"500 தானேண்ணே வருது?"ன்னேன்.

ரெண்டு பேரும் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். "தாமதமானால் பாக்கித் தொகைக்கு 2 சதவீதம் வட்டி செலுத்த வேண்டியது" என்று இருந்தது. அவ்வளவுதான். மாசத்துக்கா, வருஷத்துக்கா என்று எழுதவே இல்லை.

அவர் மாசத்துக்கு என்று படித்தார். மாசம் 1,200, அஞ்சு மாசத்துக்கு 6,000. நான் வருஷத்துக்கு என்று படித்தேன். வருஷம் முழுக்க 1,200, அஞ்சு மாசத்துக்கு 500. கூட இருந்த என் மச்சான், "தாமதத்துக்கு ஒரே தடவை 1,200 கட்டினாப் போதும்னும் படிக்கலாமே"ன்னார். ஒரே வரி, மூணு கணக்கு. யாரும் பொய் சொல்லலை.

தப்பு எங்கே நடந்தது என்று பின்னால யோசிச்சுப் பார்த்தேன். எங்க ஊர்ல "ரெண்டு வட்டி"ன்னா நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 சதவீதம். மாசம் என்று யாரும் தனியா சொல்ல மாட்டாங்க, எல்லாருக்கும் தெரியும். பேங்கில "சதவீதம்"னா வருஷக் கணக்கு. பத்திரம் எழுதினவர் நம்பரை ஊர்ப் பேச்சிலிருந்தும், சொல்லை பேங்கிலிருந்தும் எடுத்துட்டார். ரெண்டும் சேர்ந்த இடத்துல காலம் காணாமப் போச்சு.

கரும்புக்காரனுக்குத் தெரிந்த ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தரணும். தவறினால், 14 நாளுக்கு மேல் ஆகும் தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. எந்த நாளிலிருந்து, எந்தக் காலத்துக்கு எவ்வளவு, எல்லாம் அந்த வரியிலேயே இருக்கு. லட்ச ரூபாய் பாக்கிக்கு 30 நாள் தாமதம் என்றால் வட்டி சுமார் 1,233 ரூபாய். "ஆண்டுக்கு" என்ற சொல்லை எடுத்துட்டா, ஒருத்தர் 15,000 என்று நிற்கலாம்.

வட்டியைக் குறைக்கும்போது இன்னொரு குழப்பம் வரும். கிசான் கார்டு பயிர்க்கடன், 3 லட்சம் வரைக்கும், ஆண்டுக்கு 7 சதவீதம். குறித்த நாளுக்குள் கட்டினால் "3 சதவீதம் சலுகை". இது ஏழில் மூணு சதவீதம் இல்லை. அப்படிக் கணக்குப் போட்டால் வட்டி 6.79 சதவீதத்தில் நிற்கும், லட்சத்துக்கு 6,790 ரூபாய். உண்மையில் ஏழிலிருந்து மூணைக் கழிக்கணும். 4 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். இதைத்தான் "3 சதவீதப் புள்ளி" என்று சொல்லணும். நாமளே பத்திரம் எழுதும்போது அதைவிடச் சுலபமான வழி, "7 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறையும்" என்று ரெண்டு நம்பரையும் எழுதிவிடுவது.

எங்க வழக்கு எப்படி முடிந்தது? "ஒரு வட்டி போட்டுக்கலாம் தம்பி"ன்னார் அவர். மாசம் 600, அஞ்சு மாசத்துக்கு 3,000. கொடுத்துட்டேன். அவர் பேச்சு வழக்கில்தான் சொல்லியிருந்தார், என்னை ஏமாத்த இல்லை. பேசினப்போ எனக்கும் அது தெரியும். எழுத்தில் வந்ததும் எனக்குச் சாதகமான கணக்கைப் பிடிச்சுக்கிட்டேன், அதையும் ஒத்துக்கணும்.

புதுப் பத்திரத்தில் நானே வரி சொல்லி எழுத வைத்தேன்: "குத்தகைப் பாக்கிக்கு, தவணை நாளுக்கு மறுநாள் முதல் பாக்கி தீரும் நாள் வரை, ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ரூபாய் வீதம் தனிவட்டி. வட்டிக்கு வட்டி கிடையாது." கீழே உதாரணமாக, "60,000 ரூபாய்க்கு அஞ்சு மாதத் தாமதம் என்றால் வட்டி 3,000 ரூபாய்" என்றும் சேர்த்தோம்.

எழுதினவர், "இதெல்லாம் எதுக்குங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னார். போன தடவையும் அதையேதான் சொன்னார்.