550 சதுர அடி வீட்டுக்கு ஒற்றைக்கோட்டு மின்படம்

தோட்டப்பக்கம் புதுவீடு கட்டும் பெற்றோர் சிலர் வீட்டுப்படத்தைக் கொண்டுவந்து, "சேர், கரண்ட் வேலைக்கு ஒரு படம் போட்டுத் தாங்க" என்று கேட்கிறார்கள். தொழினுட்பப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு நம் கண்முன்னே இருக்கும் வீட்டையே எடுப்போம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கினார்கள். 2017இல் மேலும் 10,000 அறிவித்தார்கள். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, கழிப்பறை. லயத்தில் ஒரே பல்ப் ஹோல்டரில் இருந்து ரேடியோவுக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் வயர் இழுத்துப் பழகிய நாம், இந்த வீட்டிலும் அதையே செய்யக்கூடாது என்பதற்குத்தான் படம்.

முதலில் பென்சிலால் கட்டிலையும் அலுமாரியையும் கதவு திறக்கும் பக்கத்தையும் குறியுங்கள். ஆளி (சுவிச்) கதவின் கைப்பிடிப் பக்கம் வர வேண்டும். பிணைச்சல் பக்கம் வைத்தால் கதவைத் திறந்து, பின்னால் கையை விட்டுத் தடவ வேண்டியிருக்கும். கழிப்பறைக்கு ஆளி வெளியே, உள்ளே பிளக் பொயின்ட் வேண்டாம். பிறகு விளக்குகள்: அறைக்கு ஒன்றாக இரண்டு, ஹோலுக்கு, குசினிக்கு, கழிப்பறைக்கு, முன் திண்ணைக்கு, பின்கதவுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 7.

ஒற்றைக்கோட்டுப் படத்தில் ஆளிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கோடுதான். அந்தக் கோட்டுக்குள் எத்தனை வயர் போகிறது என்பதைக் குறுக்கே போடும் சிறு கீறல்கள் சொல்லும். பிள்ளைகள் அதிகம் விடுவது இதைத்தான். சாதாரண ஆளிக்கு இறங்கும் குழாயில் இரண்டு கீறல்: உயிர்க்கம்பி போவது ஒன்று, ஆளியிலிருந்து விளக்குக்குத் திரும்புவது ஒன்று. ஹோல் விளக்கை வாசலிலும் அறைப் பக்கத்திலும் போட்டு அணைக்க இருவழி ஆளி வைத்தால், அந்த இரண்டு ஆளிக்கும் நடுவில் மூன்று கீறல். கீறல் இல்லாத படத்தைப் பார்த்து பாஸ் இரண்டு வயரை இழுத்துப் பூசி முடித்துவிட்டால், பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான்.

இனி சுற்றுகளைப் பிரிப்பது. படத்தின் உயிர் இங்கேதான்.

7 விளக்கும் ஒரு சுற்று. எல்.ஈ.டி. பல்ப் 9 வோற்றுதான் என்றாலும் கணக்குக்கு ஒவ்வொன்றையும் 100 வோற்றாக எடுப்பது வழக்கம். 700ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 அம்பியர். ஆகவே 1 சதுர மில்லிமீற்றர் வயர் (கடையில் 1/1.13 என்று கேளுங்கள்), 6 அம்பியர் எம்.சீ.பி. அந்த வயர் குழாய்க்குள் ஏறக்குறைய 13 அம்பியர் தாங்கும். எம்.சீ.பி. காப்பது வயரை, பல்பை அல்ல. அடிக்கடி விழுகிறதென்று யாராவது அதைக் கழற்றிவிட்டு 20 அம்பியர் போட்டால், வயர் உருகும்வரை எம்.சீ.பி. அசையாமல் நிற்கலாம்.

பிளக் பொயின்ட்டுகளுக்கு 2.5 வயரில் (7/0.67) 20 அம்பியர் ஆரைச் சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 50 சதுர மீற்றர் தரை என்பது வழமையான எல்லை. நம் 550 சதுர அடி 51 சதுர மீற்றர். "ஒன்றுதானே சேர் கூட" என்று விடலாம். ஆனால் பாரமெல்லாம் குசினியில்தான் விழும். எனவே நான் இரண்டாகவே பிரிப்பேன்: குசினிக்கு ஒன்று, ஹோலுக்கும் அறைகளுக்கும் சேர்த்து ஒன்று. எல்லாம் 13 அம்பியர் சதுரமுனைப் பொயின்ட். பழைய வட்டமுனை வேண்டாம், நாட்டின் நியமமே இப்போது 13தான்.

நான்காவது சுற்று பட்டிப்பொலக் குளிருக்கு. நம்முடைய ரயில் நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இலங்கையிலேயே உயரமானது. விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹீற்றர் ஷவர் எல்லாருக்கும் ஆசை. வீட்டு இணைப்பு 30 அம்பியர். 4.5 கிலோவோற்று ஹீற்றர் மட்டும் 19.6 எடுக்கும். அதே நேரம் குசினியில் 2 கிலோவோற்றுக் கேத்தில் 8.7, ஸ்கூல் சட்டைக்கு இஸ்திரிப்பெட்டி 4.3. கூட்டினால் 32.6. காலை ஆறரை மணிக்கு வீடே இருண்டுவிடலாம். 3.5 கிலோவோற்று என்றால் 15.2தான், மொத்தம் 28.2. நிற்கும்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 12 பாகைத் தண்ணீரை 37க்கு ஏற்ற 3.5 கிலோவோற்றால் நிமிடத்துக்கு 2 லீற்றர்தான் முடியும். கொழும்பில் 27 பாகையில் வரும் தண்ணீருக்கு அதே ஹீற்றர் 5 லீற்றர் தரும். கொழும்புக் கடைக்காரர் "இது நல்லாப் போகும் நானா" என்று சொல்வது பொய்யல்ல, அவருடைய ஊருக்கு அது சரி. இங்கே நூல் மாதிரித்தான் வடியும். கேத்திலில் சுடவைத்து வாளியில் கலப்பது பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம். ஹீற்றர் வேண்டியே வேண்டும் என்றால் 4 சதுர மில்லிமீற்றர் வயர் (7/0.85), தனி எம்.சீ.பி., இரண்டு வயரையும் வெட்டும் ஆளி கழிப்பறைக்கு வெளியே. படத்தில் "3.5க்கு மேல் வேண்டாம்" என்றும் எழுதிவிடுங்கள்.

அடுத்து போர்ட் படம். மீற்றரிலிருந்து வரும் கோடு பிரதான ஆளிக்கு, அங்கிருந்து 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சுக்கு, அதன்பின் நான்கு எம்.சீ.பி.யாகப் பிரியும். பக்கத்தில் புவிக்கம்பி, நம் காணியில் அடித்த கோலுக்கு. "எம்.சீ.பி. இருக்கே, ட்ரிப் சுவிச் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்தப் புவிக்கோல்தான். கல்லுமண்ணில் அதன் தடை 50 ஓம் என்று வைப்போம். கேத்திலின் உடம்பில் உயிர்க்கம்பி பட்டால் 230ஐ 50ஆல் வகுத்து 4.6 அம்பியர் மண்ணுக்குப் போகும். குசினியின் 20 அம்பியர் எம்.சீ.பி.க்கு அது ஒரு பாரமே இல்லை, விழாது. கேத்தில் உடம்பு கரண்டோடு அப்படியே நிற்கும். ட்ரிப் சுவிச்சோ 0.03 அம்பியர் கசிந்தாலே விழும்.

விழுந்தால் எந்தச் சுற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு எம்.சீ.பி.யையும் இறக்கி, ட்ரிப் சுவிச்சை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, குற்றம் அந்தச் சுற்றில். நான்கையும் இறக்கியும் சில நேரம் ட்ரிப் சுவிச் நிற்காது. எம்.சீ.பி. உயிர்க்கம்பியை மட்டும்தான் வெட்டும். எங்கோ நொதுமல் வயர் ஈரச்சுவரில் மண்ணோடு பட்டிருந்தால் அப்படி நடக்கும். நம் பக்கத்து மழைக்கு அது புதினமில்லை. அப்போது தகுதியுள்ள மின்னியலாளரைத்தான் கூப்பிட வேண்டும். வயர் வேலையும் பரிசோதனையும் எப்படியும் அவருடையது.

ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் பக்கத்தில் சுற்று இலக்கத்தை எழுதுங்கள்: வி1, கு2, அ3, ஹீ4. அதே இலக்கம் போர்டிலும் இருக்க வேண்டும். படத்தின் ஒரு பிரதியைப் பொலித்தீன் உறையில் போட்டு போர்ட் மூடிக்கு உட்பக்கம் ஒட்டுங்கள். இன்னொன்று காணிப் பத்திரத்தோடு இருக்கட்டும்.