மே மாதத் தேடலுக்குப் பிப்ரவரியில் எழுதுகிறோம்

அண்ணல் அம்பேத்கரின் பெயரை கூகுள் ட்ரெண்ட்ஸில் கொடுத்து, இடம் இந்தியா, காலம் கடந்த ஐந்தாண்டு என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஐ ஒட்டி ஒரு பெரிய முகடும் டிசம்பர் 6-ஐ ஒட்டி ஒரு சிறிய முகடும் எழும். எழுந்த வேகத்திலேயே இறங்கிவிடும். நம் இயக்க எழுத்தும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நகர்கிறது. ஜூன் 30 வந்தால் மேலவளவு, செப்டம்பர் 11 வந்தால் இம்மானுவேல் சேகரன், டிசம்பர் 25 வந்தால் கீழ்வெண்மணி. இவை ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டியவைதான். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

ஆனால் நினைவுநாள்களை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதினால் ஒன்று நடக்கும். நம்மைத் தேடி வருபவர்கள் எல்லாம் ஏதோ ஒரு நாளைக் கொண்டாடவோ துக்கம் கொள்ளவோ வருபவர்களாகவே இருப்பார்கள். இன்று இரவு காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்துவிட்டார்கள், நாளை காலை என்ன செய்வது என்று தேடும் ஒருவருக்கு நம்மிடம் பதில் இருக்காது. அவருடைய துன்பம் நாள்காட்டி பார்த்து வருவதில்லை.

நாங்கள் ஒரு சிலர்தான் எழுதுகிறோம். எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு இருபது கட்டுரை எழுதினாலே பெரிது. அந்த இருபதில் எத்தனை நாள் சார்ந்தவை, எத்தனை எப்போதும் தேவைப்படுபவை என்று பிரித்துக்கொள்வது எங்களுக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. முதல் வகையைப் பருவக் கட்டுரை என்றும் இரண்டாவதை நிலைக் கட்டுரை என்றும் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

நிலைக் கட்டுரைக்கு நல்ல எடுத்துக்காட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியது. சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் வரைபடம் ஆண்டு முழுதும் ஏறக்குறைய நேர்கோடு. முகடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. வருகிறவர்கள் என்ன சொல்லைத் தட்டி வருகிறார்கள் என்று Queries பகுதியில் பார்த்தால், 'வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989' என்று முழுப்பெயரைத் தட்டுபவர்கள் குறைவு. நம் ஊர்களில் இந்த வழக்கைப் 'பி.சி.ஆர். கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம். சட்டம் மாறியும் பேச்சு மாறவில்லை. அதனால் பக்கத்தின் முதல் பத்தியிலேயே 'பி.சி.ஆர். கேஸ் என்று மக்கள் சொல்லும் வழக்கு' என்று எழுதியிருக்கிறோம். அந்தச் சொல் இல்லாத பக்கம், அதைத் தேடுபவர் கண்ணில் படுவது கடினம்.

அதே சொல்லைத் தட்டினால் வரும் மற்றப் பக்கங்களையும் பார்க்க வேண்டும். அவற்றில் பல, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் எப்படி, 'பொய் வழக்கை' எப்படி உடைப்பது என்று சொல்பவை. பாதிக்கப்பட்டவருக்கான தகவல் அடியில் கிடக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்தில் வந்த 18ஏ பிரிவு சொல்கிறது. நிலைய அதிகாரி மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப 1995 விதிகளின் 5-ஆம் விதி வழி செய்கிறது. புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது 7-ஆம் விதி. இவை எந்த மாதத்திலும் தேவைப்படும். 2022 டிசம்பர் இறுதியில் வேங்கைவயல் செய்தி வந்தபோது யாரும் அதை முன்கூட்டித் திட்டமிட்டிருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் புதிதாகச் சட்டம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே நிற்கும் பக்கத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தால் போதும்.

இந்த இரண்டு வகையிலும் சேராத, ஆனால் இரண்டின் தன்மையும் உள்ள ஒரு கட்டுரை எங்களிடம் இருக்கிறது. எங்கள் உழைப்பில் அதிகம் பயன்பட்டது அதுதான். சாதிச் சான்றிதழ் வாங்குவது எப்படி என்ற கட்டுரை. செய்தி ஆண்டு முழுதும் ஒன்றுதான். ஆனால் தேடல் மே மாதத்தில் பொங்கும். பிளஸ் டூ முடிவும் பொறியியல் கலந்தாய்வுப் பதிவும் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. 2024-இல் இரண்டும் மே 6 அன்று. 2025-இல் பதிவு மே 7, தேர்வு முடிவு மே 8. பத்தாம் வகுப்பு முடிவும் அதே மாதம். அந்த நாள்களில் சான்றிதழ் இல்லாத வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கைபேசியை எடுக்கின்றன.

மே 8-க்கு மே 1 அன்று எழுதினால் போதாதா? போதாது. இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது தேடுபொறியின் காலம். புதிதாகப் போட்ட பக்கத்தைத் தேடுபொறி எடுத்துக்கொள்ளவே சில நாள்கள் ஆகலாம். எடுத்துக்கொண்ட பிறகும், பழைய பக்கங்களைத் தாண்டி முதல் பத்துக்குள் வர வாரங்கள் ஆகும். எங்களைப் போன்ற சிறிய தளத்துக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும்.

இரண்டாவது காரணம் தாலுகா அலுவலகத்தின் காலம். இதைத் தேடுபொறி உத்தி சொல்லித்தருபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இ-சேவை மையத்தில் கொடுத்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியரிடம் போக வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தருவார். பழங்குடியினருக்கு அப்படி அல்ல. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தர வேண்டும், அது இன்னும் நீண்ட வழி. தேடல் உச்சத்தில் இருக்கும் நாளில் இந்தப் பக்கத்தைப் படிப்பவர் ஏற்கெனவே தாமதமாகிவிட்டவர். ஆக, உச்சத்தைப் பிடித்தோம் என்று நாம் மகிழும் நாளில் அந்த வீட்டுக்கு வேலை முடிந்திருக்காது.

அதனால் பின்னாலிருந்து எண்ணுகிறோம். மே முதல் வாரத்தில் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு நான்கு வாரம் என்று வைத்தால் ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பம் போக வேண்டும். வீட்டில் பேசி, ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், அப்பாவின் பழைய சான்றிதழ் எல்லாம் தேடியெடுக்க இரண்டு வாரம். அப்படியானால் மார்ச் நடுவில் பக்கம் கண்ணில் பட வேண்டும். தேடுபொறிக்கு நான்கு வாரம் விட்டால் பிப்ரவரி நடுவில் வந்து நிற்கிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இந்தக் கட்டுரைக்குப் பட்டம் மாசி.

பிப்ரவரியில் போடும் பக்கத்துக்கு நாங்கள் இரண்டு வாசல் வைத்திருக்கிறோம். மேலே இருப்பது முன்கூட்டி வருபவருக்கு: முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கீழே இருப்பது மே மாதம் வருபவருக்கு: ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், நின்றிருந்தால் கலந்தாய்வுப் பதிவுச் சீட்டுடன் வட்டாட்சியரை நேரில் பாருங்கள். மே முதல் நாள் இந்த இரண்டையும் இடம் மாற்றிவிடுகிறோம். பக்கம் ஒன்றுதான், தலைவாசல் மாறுகிறது.

சொல் பற்றியும் ஒன்று. நாங்கள் 'சாதி' என்று எழுதுகிறவர்கள். தேடுபவர்கள் 'ஜாதி சான்றிதழ்' என்றும் `community certificate apply tamil` என்றும் தட்டுகிறார்கள். தலைப்பில் அவர்கள் சொல், உள்ளே எங்கள் சொல் என்று முடிவு செய்தோம். கொள்கையைக் காட்ட வேண்டிய இடம் அந்தத் தலைப்பு அல்ல.

முக்கியமானது முகவரி. ஒவ்வோர் ஆண்டும் புதிய பக்கம் போட்டு, முகவரியில் ஆண்டைச் சேர்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

```
/jathi-sandrithazh-2024
/jathi-sandrithazh-2025
/jathi-sandrithazh
```

முதல் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். பழைய பக்கத்துக்குப் பிறர் கொடுத்த இணைப்புகள் பழையதிலேயே தங்கிவிடும், புதியது ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும். இது நடக்கிறதா என்று அறிய, சர்ச் கன்சோலில் ஒரு தேடல் சொல்லைத் தேர்ந்து Pages பகுதிக்குப் போனால், ஒரே சொல்லுக்கு நம்முடைய இரண்டு முகவரிகள் மாறிமாறி நிற்பது தெரியும். மருந்து மூன்றாவது வரி. ஆண்டில்லாத ஒரே முகவரி, அதற்குள் ஆண்டுதோறும் திருத்தம், பழைய முகவரிகளிலிருந்து 301 என்னும் நிரந்தரத் திருப்பிவிடல். ஆனால் உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது கூடாது. பழைய கட்டணத்தையும் பழைய படிவத்தையும் நம்பி ஒருவர் பேருந்துக்குக் காசு கொடுத்துத் தாலுகா ஆபீஸ் போவார்.

ஜூன் மாதம் உட்கார்ந்து கணக்கு பார்க்கிறோம். Impressions மார்ச்சிலேயே ஏறத் தொடங்கினால் நேரம் சரி. மே பாதியில்தான் ஏறினால் தாமதம். ஏறியும் Clicks ஏறவில்லை என்றால் தலைப்பு சரியில்லை. சர்ச் கன்சோல் 16 மாத விவரம்தான் வைத்திருக்கும், அதனால் இந்தக் கணக்கை அன்றே இறக்கி எடுத்து வைக்கிறோம். ட்ரெண்ட்ஸின் 100 என்பது ஆள் எண்ணிக்கை அல்ல, அந்தச் சொல் உச்சத்தில் இருந்த நாளின் அளவுகோல் மட்டுமே. தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு அதில் போதிய தரவே வராது. அப்போது நம் பக்கத்தின் சென்ற ஆண்டுக் கோடுதான் துணை.

நினைவுநாள் கட்டுரைகளுக்கும் இதே முறைதான், கால அளவு மட்டும் குறைவு. ஏப்ரல் 14-ஐத் தமிழ்நாடு அரசு 2022-இல் சமத்துவ நாளாக அறிவித்த பிறகு, அம்பேத்கர் பேச்சும் கட்டுரையும் தேடும் மாணவர்களோடு உறுதிமொழி தேடுபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்று விடுமுறை என்பதால் பேச்சைத் தயாரிப்பவர்கள் முந்தைய வாரமே வந்துவிடுவார்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் பக்கம் தயாராக இருந்தால், அந்தப் பிள்ளை மேடையில் 'சட்ட மேதை' என்று மட்டும் சொல்லி இறங்காமல், மகாத் குளத்தையும் சேர்த்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. கீழ்வெண்மணிக்கும் ஒரே பக்கம்தான். 1968-இல் எரிக்கப்பட்ட 44 உயிர்களைப் பற்றி ஆண்டுதோறும் புதிய அஞ்சலி எழுதாமல், நவம்பரில் அதே பக்கத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கிறோம். ஓர் ஆண்டு கூலிப் போராட்டம், ஓர் ஆண்டு நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்த கதை. பக்கம் ஆண்டுக்கு ஆண்டு கனக்கிறது.

இருபதில் இப்போது எட்டு நாள் சார்ந்தவை, பன்னிரண்டு நிலையானவை. அந்த எட்டில் பாதி புதியவை அல்ல, பழைய பக்கத்தின் திருத்தம். ஏதேனும் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் அஞ்சலிக் குறிப்பை விடுவோம். அதை எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள். 5-ஆம் விதியைப் 'பி.சி.ஆர். கேஸ்' என்ற சொல்லோடு சேர்த்துத் தமிழில் எழுதி வைப்பவர்கள் குறைவு.

பிப்ரவரி பிறக்கிறது. உங்கள் ஊர் இ-சேவை மையத்தில் இப்போது என்ன தாள் கேட்கிறார்கள், எத்தனை நாளில் சான்றிதழ் வந்தது என்று எழுதி அனுப்புங்கள் தோழர்களே. பதினைந்தாம் தேதிக்குள் பக்கத்தைத் திருத்த வேண்டும்.

ஜெய் பீம்.