62 சொற்கள்

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலருக்குத் தினமும் ஒரு தலைப்புக் கொடுத்து எழுதவைத்தேன். குறைந்தது 100 சொல். மாதக் கடைசியில் சிறந்ததைத் தெரிவு செய்து ஒரு புத்தகம் பரிசு. தெரிவு செய்பவன் எல்லா மாதமும் நானே. அதில் நான் நியாயமாக நடக்கவில்லை.

100 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. 'மழை' என்று தலைப்புக் கொடுத்தால் முதல் நாற்பது சொல் பாடப்புத்தகத்திலிருந்துதான் வரும். அந்த இருப்புத் தீர்ந்த பிறகே லயத்துத் தகரமும் நனைந்த கொழுந்தின் பாரமும் கொப்பியில் இறங்கும். அதுவரை பிள்ளையை உட்காரவைக்கத்தான் அந்த எல்லை.

ஒரு நாள் தலைப்பு 'பாலம்'. ஒரு பெண்பிள்ளை தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தடியில் அக்காவோடு அவித்த சோளம் விற்பதை எழுதியிருந்தாள். வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, கொழும்பிலிருந்து வருபவருக்கு ஒரு விலை. ரயில் வந்தால் எல்லோரும் போனைத் தூக்கிவிடுவார்கள், சோளத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், அதனால் தனக்கு ரயிலே பிடிக்காது என்று முடித்திருந்தாள். முதல் வரியே அவளுடைய வரி. எண்ணிப் பார்த்தேன், 62. சிவப்புப் பேனையால் 'போதாது' என்று எழுதினேன்.

மறுநாள் 100 சொல்லோடு வந்தாள். 'வந்துகொண்டிருந்தது' என்று முன்பு ஒரு சொல்லாக இருந்தது இப்போது 'வந்து கொண்டு இருந்தது' என்று மூன்றாகியிருந்தது. தமிழில் சொல்லை எண்ணி எல்லை வைத்தால் இப்படித்தான் நடக்கும். ஆங்கிலப் பயிற்சியில் பார்த்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டவன் நான். இடையிடையே 'மிகவும்', 'உண்மையில்' என்று வேறு நிரப்பியிருந்தாள். ஏற்றுக்கொண்டேன். ஆனால் தெரிவு செய்யவில்லை.

அந்த மாதம் நான் தெரிவு செய்தது மீரியபெத்தை மண்சரிவைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தையில் அது நடந்தபோது எழுதிய பையன் கைக்குழந்தை, ஊரும் பசறைப் பக்கம். பத்திரிகையில் வந்த சொற்களையே அடுக்கியிருந்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கொடுத்தேன், ஏனென்றால் மலையகம் என்றால் கண்ணீரோடு எழுத வேண்டும் என்பது என் ருசி. பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் 'குடை' என்றால் தாத்தா செத்தார், 'சாவி' என்றால் அம்மா குவைத்துக்குப் போனார்.

சென்னையில் இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970இலிருந்து மாதம் ஒரு சிறுகதையைத் தெரிவு செய்துவந்தது. தெரிவு செய்பவர் மாறிக்கொண்டே இருப்பார். இதை அறிந்தும் நான் அந்த வேலையை விடவில்லை. பெயரை வாசிக்கும்போது எல்லா முகமும் என் பக்கம் திரும்புவது எனக்குப் பிடித்திருந்தது.

சோளம் விற்ற பிள்ளை சில மாதத்தில் நின்றுவிட்டாள். நான் தேடிப்போகவில்லை. இப்போது மாதம் ஒரு பிள்ளை தெரிவு செய்கிறது, எந்த வரிக்காக என்று வாசித்தும் காட்ட வேண்டும். முதலில் தெரிவானது லயத்துக் கிரிக்கெட் சண்டை பற்றிய ஒன்று. எனக்கு அது பிடிக்கவில்லை.