டூருக்கு எதைச் சின்ன பாட்டில்ல ஊத்தலாம், எதை ஊத்தவே கூடாது?

1/ லீவு வந்தாச்சு. ஊட்டியோ துபாயோ, எங்க கிளம்பினாலும் முந்தின நாள் ராத்திரி எல்லா வீட்லயும் ஒரு வேலை நடக்கும். பெரிய பாட்டில்ல இருக்கிற ஷாம்பு, எண்ணெய், லோஷன் எல்லாத்தையும் குட்டிக் குட்டி பாட்டில்ல மாத்தி ஊத்துவோம். நல்ல பழக்கம்தான். ஆனா "எந்த பாட்டில்?"னு தேடுறதுக்கு முன்னாடி "எந்தப் பொருள்?"னு கேட்டுக்கோங்க. நான் இதை எழுதுறதுக்குக் காரணமே அதுதான்.

2/ பொருளை மூணாப் பிரிச்சுக்கலாம். தேய்ச்சுக் கழுவி விடுறது: ஷாம்பு, கண்டிஷனர், பாடி வாஷ். தாராளமா மாத்தி ஊத்தலாம். தோல்லயே தங்குறது: சன்ஸ்க்ரீன், டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம். முடிஞ்ச வரைக்கும் அதோட சொந்த ட்யூப்லயே கொண்டு போங்க. கண்ணுக்குள்ள போறது: கண் சொட்டு மருந்து, கான்டாக்ட் லென்ஸ் சொல்யூஷன். இதை எந்தக் காரணத்துக்காகவும் வேற பாட்டில்ல ஊத்தக் கூடாது.

3/ ஏன் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்? ஒரு கல்லூரி மாணவி டூர் முடிஞ்ச மறுநாள் என்கிட்ட வந்தாங்க. ஒரு கண் மட்டும் சிவந்திருந்துச்சு. வலி, தண்ணியா வடியுது, ட்யூப்லைட்டைக் கூட நிமிர்ந்து பார்க்க முடியல. டார்ச் அடிச்சுப் பார்த்தா கருவிழியில ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. பெரிய லென்ஸ் சொல்யூஷன் பாட்டில் பைக்குள்ள அடங்காதுன்னு, காலி ஷாம்பு பாட்டிலை நல்லாக் கழுவி அதுல ஊத்திட்டுப் போயிருக்காங்க. அன்னைக்கே கண் மருத்துவர்கிட்ட அனுப்பினேன். கருவிழிப் புண். ராத்திரியும் தூங்காம மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டாங்க. கண் பிழைச்சுது, ஆனா அந்த இடத்துல லேசா ஒரு தழும்பு நின்னுடுச்சு.

4/ "நல்லாத்தான் கழுவினேன் டாக்டர்"னு சொன்னாங்க. பொய் இல்லை. ஆனா நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி, குடிக்கிற தண்ணியா இருந்தாலும், கிருமியே இல்லாத தண்ணி கிடையாது. லென்ஸ் சொல்யூஷனைக் கிருமி நீக்கி, கிருமி நீக்கின பாட்டில்ல அடைச்சு சீல் வைக்கிறாங்க. வேற பாட்டில்ல ஊத்தின நிமிஷமே அந்தப் பாதுகாப்பு போயிடுது. கலங்காது, நாறாது. பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. லென்ஸ் போடுறவங்க 60 மில்லி டிராவல் பேக் வாங்கிக்கோங்க. கிடைக்கலையா, அந்த நாலு நாளும் கண்ணாடி போட்டுக்கோங்க. லென்ஸ் போட்டவங்களுக்கு கண் சிவந்து, வலிச்சு, வெளிச்சம் கூசினா, லென்ஸைக் கழட்டிட்டு அன்னைக்கே கண் மருத்துவரைப் பாருங்க.

5/ இப்ப கசிவு. ஒரு கணக்குப் போடுவோம். நாலு பேர், ஊட்டியில நாலு நாள், ஆளுக்கு ரெண்டு தலைக்குளியல். ஒரு தடவைக்கு 10 மில்லி ஷாம்புன்னா மொத்தம் 80 மில்லி. 100 மில்லி பாட்டில் போதும். ஆனா மிச்ச 20 மில்லி காலி இடம் இல்லை, அது காத்து. பிரச்சினையே அந்தக் காத்துதான்.

6/ மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேல போகப் போக வெளிக் காத்தோட அழுத்தம் குறையும், அதனால பாட்டிலுக்குள்ள அடைபட்ட காத்து விரியும். அங்க இருக்கிற குளிரைக் கழிச்சுப் பார்த்தாலும் ஏறக்குறைய கால் பங்கு விரியும். 20 மில்லி காத்து 25 ஆகப் பார்க்கும். பாட்டில் படுத்த வாக்குல இருந்தா ஒரு டீஸ்பூன் ஷாம்பு மூடி வழியா உங்க சட்டை மேல! விமானத்துலயும் இதே கதைதான். பறக்கும்போது கேபினுக்குள்ள இருக்கிற அழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி அழுத்தம்தான்.

7/ இதுலயே இன்னொண்ணும் புரியும். விமானத்துல போகும்போது கசியாத பாட்டில் திரும்பி வரும்போது ஏன் கசியுது? பாதி தீர்ந்திருக்கும். உள்ள காத்து அதிகம், அதனால விரியறதும் அதிகம்.

8/ தீர்வு சுலபம். அமுக்கினா ஒடுங்குற மெத்து பாட்டிலா வாங்குங்க. ஷாம்பு வாய் வரைக்கும் ஏறி வர்ற மாதிரி பக்கவாட்டுல அமுக்கி, அமுக்கின நிலையிலேயே மூடியைத் திருகுங்க. பாட்டில் சப்பையா இருக்கும். அந்தச் சப்பைதான் காத்து விரிய நீங்க விட்டு வைக்கிற இடம். திரும்பி வரும்போதும் இதையே செய்யுங்க. மூடிக்கு அடியில ஒரு துண்டு பாலிதீன் கவரை வாய் மேல விரிச்சுத் திருகினா இன்னும் பாதுகாப்பு. அப்புறமும் ஜிப் கவர்ல போட்டு நிமிர்த்தி வைங்க.

9/ புது பாட்டிலை நம்பி நேரா ஷாம்பு ஊத்தாதீங்க. முதல்ல தண்ணி ஊத்தி, பேப்பர் மேல ராத்திரி முழுக்கத் தலைகீழா வைங்க. காலையில லேசா அமுக்கிப் பாருங்க. பேப்பர் நனைஞ்சிருந்தா அந்த பாட்டில் வேண்டாம். நனையலைன்னா தண்ணியைக் கொட்டிட்டு, மூடியில்லாம ஒரு நாள் கவிழ்த்துக் காய வைங்க. ஈரத்தோட ஊத்தினா ஷாம்புல இருக்கிற கெடாம காக்குற மருந்து நீர்த்துப் போகும், கிருமி வளர இடம் கிடைக்கும். கொஞ்சம் தண்ணி ஊத்திக் குலுக்கி வச்சுக்கிறதும் இதே தப்புதான்.

10/ தேங்காய் எண்ணெய்க்குத் தனி புத்தி வேணும். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழ உறையும். ஊட்டியில காலையில கட்டியா நிக்கும், குறுகின வாய் பாட்டில்ல இருந்து வராது. வாய் அகலமான திருகு டப்பாவுல கொண்டு போங்க. உறைஞ்சிருக்கும்போது கசியலைன்னு டப்பாவை நம்பாதீங்க. மேட்டுப்பாளையம் இறங்கினதும் உருகிடும்.

11/ கடைசியா வெயில். வெளிய 35 டிகிரி இருந்தா, மூடி நிறுத்தின காருக்குள்ள 50-ஐத் தாண்டும். டேஷ்போர்டு மேல இன்னும் அதிகம். சன்ஸ்க்ரீன்ங்கிறது எண்ணெயும் தண்ணியும் பிரியாம கட்டி வச்ச கலவை. அந்தச் சூட்டுல கட்டு விட்டுப் போகும். அப்புறம் நீங்க பூசினாலும் ஒரு இடத்துல மருந்து சேரும், இன்னொரு இடத்துல வெறும் தண்ணிதான் இருக்கும். தோல் கருகின பிறகுதான் தெரியும். அமுக்கினதும் முதல்ல தண்ணியா வருதா, விரல்ல தேய்ச்சா மணல் மாதிரி நெருடுதா, வாசனை மாறியிருக்கா? தூக்கிப் போட்டுடுங்க. 50 கிராம் ட்யூப் கேபின் பையோட 100 மில்லி வரம்புக்குள்ளயே அடங்கும், மாத்தி ஊத்தத் தேவையே இல்லை. பகல்ல டிக்கியில விடாம, துண்டுல சுத்தி நீங்க இருக்கிற இடத்துக்குக் கையோட எடுத்துட்டுப் போங்க.

12/ மாத்தி ஊத்தின எல்லாத்துலயும் மார்க்கர்ல பேரும் தேதியும் எழுதுங்க. கிருமிநாசினி, சானிடைசர் எதையும் தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோ ஊத்தாதீங்க. தாகத்துல குழந்தை லேபிள் படிக்காது. ஊருக்குத் திரும்பினதும் மிச்சத்தைப் பெரிய பாட்டில்ல திருப்பி ஊத்திடாதீங்க. அதே வாரத்துல தீர்த்துட்டு, சின்ன பாட்டிலைக் கழுவிக் காய வச்சு, மூடியைத் தனியாப் போட்டு எடுத்து வைங்க.